ஆயுட்கொடுப்பனவு: 'ஓய்வூதியம்' என்று எழுதாதீர்கள்

ஹட்டன் பக்கம் காப்புறுதி முகவர்கள் கொண்டுவரும் துண்டுப்பிரசுரங்களில் 'வாழ்நாள் ஓய்வூதியத் திட்டம்' என்ற தலைப்பை அடிக்கடி பார்க்கிறேன். அண்மையில் ஒன்றை முழுதாக வாசித்தபோது, கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்தில் 'கொடுப்பனவுக் காலம் 15 ஆண்டுகள்' என்று இருந்தது. ஈ.பி.எப். காசையும் சேவைக்காலப் பணத்தையும் கையில் வைத்திருக்கும் ஒரு தோட்டத்து அம்மா தலைப்பைத்தான் நம்புவார்.

மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு தவணை தவணையாகப் பணம் பெறும் இந்த ஒப்பந்தத்துக்கு ஆங்கிலத்தில் 'அன்யூட்டி' என்று பெயர். ஆண்டைக் குறிக்கும் 'அன்னுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆண்டுதோறும் கொடுக்கப்படும் பணம் என்பதே பழைய பொருள். இன்று மாதாமாதம் கொடுத்தாலும் அதே பெயர்தான். நமது கணக்கியல் பாடநூல்கள் 'ஆண்டுத்தொகை' என்கின்றன. கணக்குக்கு அது போதும். ஆனால் முதியவர் ஒருவரிடம் சொன்னால், வருடத்துக்கு ஒருமுறை வரும் காசு என்றே விளங்கிக்கொள்வார்.

அதைவிடப் பெரிய கேடு 'ஓய்வூதியம்'. ஊதியம் என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் கூலி. பென்சன் வாங்கும் ஆசிரியருக்கும் தபாற்காரருக்கும் அது பொருந்தும்; அவர்களுடைய சேவைக்காக அரசாங்கம் கொடுக்கிறது, சாகும்வரை கொடுக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி எதுவும் இல்லை. சம்பளத்தில் 8 சதவீதம் அவரிடமிருந்தும் 12 சதவீதம் தோட்ட நிர்வாகத்திடமிருந்தும் ஈ.பி.எப்.இல் சேர்ந்து, கடைசியில் ஒரே தொகையாகக் கைக்கு வருகிறது. அந்தக் காசைக் கொடுத்து அவர் ஒரு ஒப்பந்தத்தை வாங்குகிறார். தன் பணத்தைக் கொடுத்து வாங்கியதை ஊதியம் என்று எழுதினால், பென்சனுக்கு உள்ள உறுதி இதற்கும் உண்டென்று அவர் எண்ணுவது இயல்புதானே? பக்கத்து வீட்டுப் பென்சன்காரரைப் பார்த்துத்தானே அவர் அந்தச் சொல்லைக் கற்றார்?

எண்ணிக்கையில் பாருங்கள். 60 வயதில் 10 இலட்சம் ரூபாயைக் கொடுக்கிறார் என்று வைப்போம். வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம், காலம் 15 ஆண்டு என்றால், செலவுகளைக் கழிக்காமல் மாதம் சுமார் 9,550 ரூபாய் வரும். நிலையான வைப்பில் போட்டு வட்டியை மட்டும் எடுத்தால் மாதம் ஏறத்தாழ 6,670தான். முகவர் காட்டுவது இந்த வித்தியாசத்தை. அதில் முதலும் சேர்ந்து கரைகிறது என்பதையும், 75 வயதில் காசு நின்றுவிடும் என்பதையும் 'ஓய்வூதியம்' மறைத்துவிடுகிறது. 85 வரை இருந்தால் மிச்சப் பத்து வருடத்துக்கு என்ன வழி?

உண்மையில் ஆயுள் முழுதும் கொடுக்கும் ஒப்பந்தம் வேறு வகை. எண்பது வயதுள்ள பத்துப் பேர் ஆளுக்கு ஒரு இலட்சம் போடுகிறார்கள். 8 சதவீத வட்டியோடு ஆண்டு முடிவில் 10 இலட்சத்து 80 ஆயிரம் ஆகிறது. ஒருவர் இறந்துவிட்டால், மிஞ்சிய ஒன்பது பேருக்கும் தலா ஒரு இலட்சத்து இருபதாயிரம். எந்த வங்கியும் தர முடியாத இந்தக் கூடுதல், இறந்தவர் விட்டுப்போன பங்கிலிருந்து வருகிறது. அதனால்தான் யார் எத்தனை வயதுவரை வாழ்வார்கள் என்ற அட்டவணை இதற்குத் தேவைப்படுகிறது. வானியலாளர் ஹாலி 1693இல் பிரெஸ்லாவ் நகரத்து இறப்புப் பதிவுகளைக் கொண்டு அப்படியொன்றைச் செய்து, இதற்கு விலை கணித்தார். இதன் மறுபக்கம், சீக்கிரம் இறந்தால் பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சாது. இறந்தாலும் இத்தனை ஆண்டுவரை காசு வரும் என்ற உத்தரவாதக் காலம் வேண்டும், கணவன் மனைவி இருவர் உயிருக்கும் வேண்டும் என்று கேட்டால் மாதக் காசு குறையும்.

ஆகவே எனது முடிவு: உயிருள்ளவரை வருவது 'ஆயுட்கொடுப்பனவு', 15 வருடத்தில் நிற்பது 'குறித்தகாலக் கொடுப்பனவு'. 'கொடுப்பனவு' அரசாங்க உதவிப் பணம் போல ஒலிக்கிறது என்று ஒரு நண்பர் மறுத்தார். அஸ்வெசும, முதியோர் கொடுப்பனவு என்று கேட்டுப் பழகியதால் அப்படித் தோன்றலாம். ஆனால் யார் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. மலையகத்தில் அது எல்லோருக்கும் விளங்கும். பொய்யான உறுதி தருவதைவிட அது எவ்வளவோ மேல்.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. 'நிலையான வருமானம்' என்றும் எழுதுகிறார்கள். நிலையாக இருப்பது ரூபாயின் எண்ணிக்கை மட்டும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, அந்த 9,550 ரூபாய்க்கு முந்திய ஆண்டில் சுமார் 5,600 ரூபாய்க்கு வாங்கிய சாமான்தான் கிடைத்திருக்கும். விலைவாசியோடு கூடாத தொகையென்றால் 'மாறாத் தொகை' என்று எழுதட்டும். அதையும் 15 ஆண்டு என்பதையும் தலைப்புக்குக் கீழே அதே பெரிய எழுத்தில் போடட்டும்.