மூக்கு திறந்தது, தூக்கம் போனது

தீபாவளி முடிந்த வாரத்தில் தில்லியில் மூக்கடைப்பு இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். மயூர் விஹாரில் என் கிளினிக்குக்கு அப்படி ஒரு காலையில் ஒருவர் மனைவியோடு வந்தார். வயது 64, மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "டாக்டர், மூணு நாளா ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு எழுப்புது. ஹார்ட்டா?" என்றார். நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 164/98. ஈ.சி.ஜி.யில் துடிப்பு வேகமாக இருந்தது, ஆனால் ஒழுங்காக இருந்தது.

புதிதாக என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டதும் மாமி கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். அமெரிக்காவிலிருந்து வந்த மகள் விட்டுப்போனது. செட்ரிசின் 5 மில்லிகிராம், சூடோஎபெட்ரின் 120 மில்லிகிராம். காலையில் ஒன்று, இரவு ஒன்பதரைக்கு ஒன்று. "சளி மாத்திரைன்னா தூக்கம்தானே வரும்?" என்றார் அவர். அது பாதி உண்மை. தூக்கம் வரவழைப்பது அதிலுள்ள அலர்ஜி மருந்து. கூட இருக்கும் சூடோஎபெட்ரின் நேர் எதிர்த் திசையில் இழுக்கும்.

மூக்கு அடைப்பதற்குச் சளி மட்டும் காரணமில்லை. உள்சவ்விலுள்ள ரத்தக்குழாய்கள் ரத்தம் நிரம்பி வீங்குவதால்தான் பெரும்பாலும் அடைக்கிறது. சூடோஎபெட்ரின் நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை வெளியேற வைக்கிறது. அது குழாய்களைச் சுருக்கும், வீக்கம் வடியும், காற்று போகும். ஆனால் விழுங்கிய மாத்திரைக்கு மூக்கு எது, இதயம் எது என்று தெரியாது. அதே நார்அட்ரினலின் இதயத்தில் துடிப்பைக் கூட்டுகிறது, உடம்பெங்கும் குழாய்களை இறுக்குகிறது. மருந்து மூளைக்குள்ளும் போய் விழிப்பைத் தூண்டுகிறது. அவர் சாப்பிட்டது பன்னிரண்டு மணி நேரம் மெல்ல மெல்லக் கரையும் வகை. ஒன்பதரைக்கு விழுங்கினால் நடுநிசிக்கு மேல்தான் அது முழு வேகத்தில் இருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக நாடித்துடிப்பு நிமிடத்துக்கு மூன்றுதான் கூடுகிறது, மேல் ரத்த அழுத்தம் ஒரு புள்ளிதான். ஆரோக்கியமான இளைஞர் காலையில் ஒன்று போட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அப்படியானால் இவருக்கு ஏன் 112?

அதற்கு மாமிதான் துப்புக் கொடுத்தார். "இவருக்கு ரெண்டாவது நாளே நீர் சரியாப் போகலை. சூடுன்னு மெடிக்கல்ல சிரப் வாங்கினோம்." அது சூடு இல்லை. இந்த மருந்து சிறுநீர்ப்பையின் வாயையும் இறுக்கும். புராஸ்டேட் வீங்கிய வயதில் அது உடனே தெரியும். வாங்கியதோ நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் சிட்ரேட் சிரப், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் காரமாக்குவது. சூடோஎபெட்ரின் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீர் காரமானால் சிறுநீரகம் அதை மறுபடி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். சாதாரணமாக ஆறு மணி நேரம்போல் ஆகும்போது பாதியாகிற மருந்து, பத்து மணி நேரத்துக்கு மேலும் தங்கும். அதற்குள் அடுத்த மாத்திரை போய்ச் சேரும்.

மாத்திரையையும் சிரப்பையும் நிறுத்தினோம். மூக்குக்கு உப்புநீர் கழுவலும், அலர்ஜிக்கான ஸ்டீராய்டு ஸ்பிரேயும் கொடுத்தேன். மூன்றாம் நாள் நாடி 78, அழுத்தம் 136/84, நீரும் தடையில்லாமல் போனது. கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், இதய நோய், கடுமையான சிறுநீரக நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் சூடோஎபெட்ரினைத் தொடவே வேண்டாம். சில மனச்சோர்வு மாத்திரைகளும் லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கும் இதோடு சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியோ பார்வைக் குழப்பமோ வந்தால் கிளினிக்குக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளம்பும்போது மாமிக்கு ஒரு சந்தேகம். "அங்கே இதை வாங்கப் பொண்ணு லைசென்ஸ் காட்டிக் கையெழுத்துப் போட்டாளாமே, அவ்வளவு ஆபத்தா?" அந்தக் கையெழுத்துக்குக் காரணம் இதயம் இல்லை. இந்த மூலக்கூறிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு போனால் மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள். அதனால்தான் அமெரிக்காவில் 2006 முதல் இது கவுன்ட்டருக்குப் பின்னால் போனது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது. இங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் 2013-இல் வந்த ஆணைப்படி, இந்தச் சரக்கைத் தயாரிக்கவும் விற்கவும் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் இதே தில்லியில் சத்துமாவு, தேங்காய்த்தூள் பேரில் வெளிநாடு அனுப்பவிருந்ததாகச் சொல்லி 50 கிலோ பிடித்தார்கள். அது இந்தச் சரக்குத்தான்.

இந்தக் கெடுபிடியால் பல கம்பெனிகள் ஃபினைலெப்ரின் என்ற வேறொரு மருந்துக்கு மாறிவிட்டன. நம் கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் இருப்பது அதுதான். வாயால் விழுங்கினால் அது குடலிலும் கல்லீரலிலுமே பெரும்பாலும் சிதைந்துவிடும். மூக்கைத் திறப்பதில்லை என்று 2023-இல் அமெரிக்க மருந்துத்துறையின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொன்னது. ஆக, வேலை செய்கிற மருந்து பூட்டுக்குள், வேலை செய்யாதது கடை வாசலில்.

மாமி அந்தப் பெட்டியை என் மேஜையிலேயே விட்டுப் போனார். மீதி ஆறு மாத்திரை இருந்தது.