இரண்டு நாள் வெளிநாட்டுப் பயணம்: ஊர் நேரத்தில் தூங்குவதா, அந்த நாட்டு நேரத்திற்கு மாறுவதா?

உடல் கடிகாரம் புதிய நேரத்திற்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரமே நகரும். மேற்குத் திசையில் சற்று வேகமாகவும் கிழக்கில் மெதுவாகவும் நகரும். ஆகவே இரண்டு மூன்று நாட்களில் திரும்புபவர் முழுமையாக மாற முயல்வது பெரும்பாலும் வீண். ஆனால் நாட்களை மட்டும் எண்ணி முடிவெடுக்கக் கூடாது என்பதை, என்னிடம் வந்த ஆடை ஏற்றுமதி அலுவலர் ஒருவரின் இரு பயணங்கள் காட்டுகின்றன.

கோவையில் இரவு 11 மணிக்குத் தூங்கி 6 மணிக்கு எழும் அவர், ஜூன் மாதம் லண்டனில் 11 மணி வரை பிடிவாதமாக விழித்திருந்தார். அப்போது நம் ஊரில் அதிகாலை 3.30. படுத்தவருக்கு 2.30 மணிக்கே, அதாவது நம் காலை 7 மணிக்கு, விழிப்பு வந்துவிட்டது. அவருடைய கூட்டங்கள் அங்கே காலை 10 முதல் மாலை 4 வரை. நமக்கு அது பிற்பகல் 2.30 முதல் இரவு 8.30 வரை. ஊர் நேரத்திலேயே அவர் நன்கு விழித்திருக்கும் பொழுது அது என்பதால், மாறவே தேவையில்லை. இரவு விருந்தை மதிய உணவாக மாற்றச் சொல்லி, 8 மணிக்குப் படுத்திருந்தால் போதும். (விருந்தைத் தவிர்ப்பதுதான் எல்லோருக்கும் கடினம்.)

அடுத்து டோக்கியோ. மூன்றரை மணி நேர வேறுபாடுதானே என்று எந்த ஆயத்தமும் இன்றிச் சென்றவர், காலை 9 மணி விலைப் பேச்சில் தவறான விலையைச் சொல்லிவிட்டார். அது நம் ஊரின் 5.30. உடல் வெப்பம் மிகக் குறையும் நேரம், வழக்கமாக எழுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வரும். அதையொட்டிய பொழுதில் கவனமும் சிந்தனையும் மந்தமாகவே இருக்கும்.

எனவே முதலில் முக்கியமான கூட்டத்தின் நேரத்தை ஊர் நேரத்தில் எழுதிப் பாருங்கள். காலை 8 முதல் இரவு 9 வரைக்குள் விழுந்தால் ஊர் நேரத்திலேயே இருக்கலாம். அதிகாலையில் விழுந்தால், கூட்டத்தைப் பிற்பகலுக்குத் தள்ளக் கேட்பதே எளிய வழி. முடியாவிட்டால், புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் படுத்து எழுந்து, எழுந்தவுடன் நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

வெளிச்சத்திலும் ஒரு பொறி உண்டு. அந்த வெப்பத் தாழ்நிலைக்கு முன் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்கும், பின் படுவது முன்னுக்கும் தள்ளும். அவருக்கு அந்தத் தாழ்நிலை டோக்கியோவில் காலை 7 மணியளவில் வருகிறது; அங்கு ஜூன் மாதச் சூரியனோ 4.30-க்கே உதித்துவிடும். திரைச்சீலையை மூடாமல் தூங்கியதால், முன்னோக்கி நகர வேண்டிய அவருடைய கடிகாரம் எதிர்த்திசையில் இழுக்கப்பட்டது.

இன்சுலின் போன்ற, நேரம் தவறக் கூடாத மருந்து எடுப்பவர்கள், எந்த நேரத்தைப் பின்பற்றுவது என்பதைப் புறப்படும் முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.