தயிர் டப்பாவின் முன்பக்கமும் பின்பக்கமும்

கடையின் குளிர்பெட்டியில் அருகருகே நிற்கும் இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் வெறும் தயிர். மூடியின் மேல் "லைவ் கல்ச்சர்" என்று அச்சிட்டிருக்கிறது. மற்றொன்று மாம்பழச் சுவையூட்டிய யோகர்ட்; அதன் மேல் "புரோபயாடிக்" என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்த இரண்டு சொற்களும் ஒரே பொருளைத் தருவன என்றே பலர் எண்ணுகிறோம். உண்மையில் அவை இரண்டு வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. அந்தச் செய்திகள் மெய்யா என்பதை அறிய டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

"லைவ் கல்ச்சர்" என்பது உயிருள்ள உறை என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. வீட்டில் காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக ஆறவிட்டு ஒரு கரண்டி உறைமோர் ஊற்றுகிறோம் அல்லவா, ஆலையிலும் அதுவேதான் நடக்கிறது. அங்கே பாலைச் சுமார் 85 முதல் 95 பாகை வரை சூடாக்கி, 42 பாகை அளவுக்கு ஆற்றி, தேர்ந்தெடுத்த பாக்டீரியாக்களைச் சேர்க்கிறார்கள். யோகர்ட் என்ற பெயருக்கு உரிய பாக்டீரியாக்கள் இரண்டு: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசில்லஸ் பல்கேரிகஸ். முதலாவது விரைவாகப் பெருகி, இரண்டாவது வளரத் தேவையான ஃபார்மிக் அமிலத்தைத் தருகிறது. இரண்டாவது பாலின் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்து முதலாவதற்கு உணவாக்குகிறது. இரண்டும் சேர்ந்து பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்ற, புளிப்பு ஏறி, பி.எச். அளவு 4.6 ஐ நெருங்கும்போது கேசீன் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து பால் உறைகிறது. நம் வீட்டு உறைமோரில் இவற்றோடு, சற்றுக் குறைந்த வெப்பத்தில் வளரும் வேறு பல லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் கலந்திருக்கும். அதனால்தான் வீட்டுக்கு வீடு தயிரின் மணமும் புளிப்பும் மாறுகின்றன.

ஆகவே பாக்டீரியா இல்லாமல் தயிர் உருவாகவே முடியாது. கேள்வி, அவை உறைய வைத்தனவா என்பதன்று. நாம் உண்ணும்போது உயிரோடு இருக்கின்றனவா என்பதே. குளிர்பெட்டிக்கு வெளியே மாதக்கணக்கில் வைக்கக்கூடிய அட்டைப்பெட்டி லஸ்ஸி போன்ற பானங்கள் புளித்த பிறகு மீண்டும் கடுமையாகச் சூடாக்கப்பட்டவை. அவற்றில் புளிப்பும் கால்சியமும் இருக்கும், உயிர் இருக்காது. கொதிக்கும் மோர்க்குழம்பிலும் நிலை அதுவேதான். அதற்காக மோர்க்குழம்பை யாரும் விட வேண்டியதில்லை. அதன் புரதமும் கால்சியமும் எங்கும் போய்விடவில்லை.

டப்பாவில் உள்ள உறை உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்த ஒரு கிண்ணம் பாலில், சுத்தமான கரண்டியால் அந்த வெறும் தயிரில் ஒரு சிறு கரண்டி எடுத்துக் கலக்கி, அசையாமல் ஓரிடத்தில் மூடி வையுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கிண்ணத்தைச் சாய்த்தாலும் ஓடாமல், கரண்டியால் வெட்டினால் சுத்தமாக வெட்டுப்படும் கட்டியாக உறைந்திருந்தால் உறை உயிருள்ளதுதான். பால் பாலாகவே இருந்தால் அது இறந்தோ மிக நலிந்தோ போயிருக்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு: உறைய வைக்கும் பாக்டீரியா உயிரோடு இருப்பதை மட்டுமே இது காட்டும். டப்பாவின் மேல் பெயர் போட்டிருக்கும் புரோபயாடிக் பாக்டீரியா இருக்கிறதா என்பதை இது காட்டவே காட்டாது.

புரோபயாடிக் என்ற சொல்லுக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2001 இல் ஒரு வரையறை தந்தன. போதிய அளவில் உட்கொள்ளும்போது உண்பவருக்கு உடல்நல நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக் என்பது அதன் சாரம். "உயிருள்ள", "போதிய அளவில்", "நன்மை தரும்" என்ற மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும். லைவ் கல்ச்சர் என்ற சொல் இவற்றில் முதல் நிபந்தனையை மட்டுமே தொடுகிறது.

இரண்டாவது நிபந்தனையைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பான ஒன்று புலப்படும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, புரோபயாடிக் உணவில் ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவில் உயிருள்ள புரோபயாடிக் நுண்ணுயிர்கள் பொதுவாக 10 கோடியாவது இருக்க வேண்டும். லேபிளில் இந்த எண்ணிக்கையைச் சி.எஃப்.யு. என்று குறிப்பார்கள், ஆய்வகத் தட்டில் ஒரு புள்ளியாக வளர்ந்து எண்ணத்தக்கதாகும் உயிரணு அல்லது உயிரணுக்கொத்து என்று அதற்குப் பொருள். இனி சாதாரண யோகர்ட்டைப் பாருங்கள். கோடெக்ஸ் என்னும் உலக உணவுத் தரத்தின்படி அதில் ஒரு கிராமுக்கே 1 கோடி உறை பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும். 100 கிராம் டப்பாவில் அது 100 கோடி. அதாவது எந்தச் சிறப்புச் சொல்லும் அச்சிடாத தயிரில், புரோபயாடிக் டப்பாவுக்கு விதிக்கப்பட்ட அளவைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியா இருக்கலாம். எனவே "கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள்" என்ற விளம்பர வாசகம் தனித்து நின்று எதையும் நிறுவுவதில்லை. புரோபயாடிக்கின் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. எந்த பாக்டீரியா, அது என்ன செய்வதாக மனிதர்களிடம் சோதித்துக் காட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

இங்கேதான் இரகம் என்பது முக்கியமாகிறது. கடையில் போய் "அரிசி கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதுமா? பொன்னியா, கிச்சிலிச் சம்பாவா என்று கேட்பார்கள். இரண்டும் நெல்லே ஆனாலும் குணம் வேறு. பாக்டீரியாவிலும் பேரினம், இனம் ஆகியவற்றுக்குப் பின்னால் ஓர் இரகக் குறி வரும். லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்பதில் கடைசியில் உள்ள "ஜிஜி" தான் அந்தக் குறி. ஆய்வுகள் நடந்தது அந்த இரகத்தின் மீது. அதே இனத்தைச் சேர்ந்த இன்னோர் இரகத்துக்கு அந்த முடிவை அப்படியே மாற்றிப் போட முடியாது. ஆகவே டப்பாவின் பின்பக்கத்தில் இரகக் குறியோடு முழுப் பெயர், காலாவதி நாள் வரை உயிரோடு இருக்கும் எண்ணிக்கை, ஒரு நாளைக்கு உண்ண வேண்டிய அளவு, வைக்க வேண்டிய வெப்பநிலை ஆகியவை இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011 இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் எதிர்பார்ப்பதும் இதையே. "புரோபயாடிக் கல்ச்சர் அடங்கியது" என்று மட்டும் எழுதியிருந்தால், அரிசி என்று மட்டும் எழுதிய மூட்டையை வாங்குவது போலத்தான்.

அளவைப் பற்றி ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆக்டிவியா என்ற யோகர்ட்டை நாளுக்கு ஒரு கிண்ணம் உண்டால் மலச்சிக்கல் தீரும் என்ற விளம்பரத்தை அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் கேள்விக்குள்ளாக்கியது. 2010 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நாளுக்கு மூன்று கிண்ணம் உண்ண வேண்டும் என்று தெரிவிக்காமல் அந்நிறுவனம் அப்படிச் சொல்லக் கூடாது என்றாயிற்று. இரகம் உண்மை, ஆய்வும் உண்மை. ஆனால் நன்மை தெரிந்த அளவும் விளம்பரம் சொன்ன அளவும் ஒன்றாக இல்லை.

காலாவதி நாள் வரை என்ற சொல்லும் வெறும் சம்பிரதாயமன்று. குளிர்பெட்டியில் வைத்த பிறகும் பல்கேரிகஸ் மெல்ல அமிலம் சுரந்துகொண்டே இருக்கிறது; பல புரோபயாடிக் டப்பாக்களில் சேர்க்கப்படும் பிஃபிடோபாக்டீரியம் வகைகள் அமிலத்துக்கும் உயிர்வளிக்கும் தாங்காதவை. ஆலையில் இட்ட நாளின் எண்ணிக்கையும் மூன்றாம் வாரத்தின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. வண்டியிலிருந்து இறக்கிய டிரேக்கள் கடை வாசலில் நண்பகல் வரை கிடந்தால் இந்தச் சரிவு விரைவுபடும். அதிகப் புளிப்பும் நிறையத் தெளிநீரும் அதற்கு ஓரளவு அறிகுறிகள். மூடி உப்பியிருந்தால் அது வேறு கதை. ஈஸ்ட் புகுந்து வாயுவை உண்டாக்கியிருக்கலாம். பழமும் சர்க்கரையும் சேர்ந்த டப்பாக்களில் இது நேர வாய்ப்பு மிகுதி. அதை வாங்கக் கூடாது.

சாதாரண உறை பாக்டீரியாக்களுக்கும் நிறுவப்பட்ட ஒரு நன்மை உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பால் குடித்தால் வயிறு உப்பும் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. காரணம், லாக்டோஸை உடைக்கும் நொதி பாக்டீரியாவுக்குள்ளிருந்து சிறுகுடலில் வெளிப்பட்டு, அங்கே மீதமுள்ள லாக்டோஸைச் செரிக்க உதவுவதுதான். ஒரு கிராமில் 10 கோடி உயிருள்ள உறை பாக்டீரியாக்கள் இருந்தால் இந்த ஒரு நன்மையை அச்சிட ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது.

இனி சர்க்கரை. லாக்டோஸை பாக்டீரியா முழுவதும் தின்றுவிடுவதில்லை. சுமார் கால் பங்கைத் தின்றதும் அமிலமே அவற்றைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. அதனால் வெறும் தயிரின் லேபிளிலும் "மொத்தச் சர்க்கரை" 100 கிராமுக்கு 4 அல்லது 5 கிராம் என்று இருக்கும். அது பாலின் சொந்தச் சர்க்கரை. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது அதற்குக் கீழே உள்ள "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரியை.

நம் மாம்பழ டப்பாவில் மொத்தச் சர்க்கரை 15 கிராம், சேர்க்கப்பட்டது 11 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையிலுள்ள 4 கிராம் பாலுடையதும் பழத்துடையதும். 11 கிராம் என்பது இரண்டு தேக்கரண்டிக்கும் சற்று மேல். இந்திய லேபிள்கள் ஒரு நாளைக்கு 50 கிராம் என்ற அளவை வைத்தே சதவீதம் காட்டுவதால் அங்கே 22 சதவீதம் என்று இருக்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிறுத்தினால் மேலும் நல்லது என்கிறது. அந்தக் கணக்கில் இந்தச் சிறு டப்பாவே கிட்டத்தட்டப் பாதியை எடுத்துவிடுகிறது. சாப்பிடுவது குழந்தையானால் எல்லை இன்னும் குறைவு. மூடியில் புரோபயாடிக் என்று இருப்பதால் இந்த எண் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை.

சேர்மானப் பட்டியலும் பேசும். அதில் எடை மிகுந்தது முதலில் வர வேண்டும் என்பது விதி. பாலுக்கு அடுத்துச் சர்க்கரை, அதற்குப் பின்னரே மாம்பழக் கூழ் என்றிருந்தால், டப்பாவில் மாம்பழத்தைவிடச் சர்க்கரை அதிகம் என்று பொருள். சிலவற்றில் பாலுக்கு அடுத்தபடியாக "மாம்பழத் தயாரிப்பு" என்று வரும். பார்ப்பதற்குப் பழம் முந்திக்கொண்டது போலத் தோன்றும். அதையடுத்த அடைப்புக்குறிக்குள் எட்டிப் பார்த்தால் அந்தத் தயாரிப்பின் முதல் சேர்மானமே சர்க்கரையாக இருப்பதுண்டு. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்றால் சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பு இருக்கிறதா என்றும் அதே பட்டியலில் பாருங்கள்.

இனிப்பில்லாமல் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்ற வீடுகளில், சுவையூட்டிய டப்பாவில் பாதியை அதே அளவு வெறும் தயிரோடு கலந்து 100 கிராமாகக் கொடுத்தால், சேர்த்த சர்க்கரை 11 கிராமிலிருந்து ஐந்தரை கிராமாக இறங்கும். வெறும் தயிரில் நறுக்கிய மாம்பழத்தைப் போட்டு, மேலே நாமே ஒரு தேக்கரண்டி சர்க்கரையைத் தூவினாலும் அது 4 அல்லது 5 கிராம்தான்.