ஒரு முட்டுக்கு முப்பது உயிர்: பள்ளி கேம் கிளப்பில் முதலில் வரும் பிழை

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியராக இருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக கேம் கிளப் நடத்துகிறேன். ஸ்கிராட்ச் மென்பொருளில், வண்ண வண்ண பிளாக்குகளை இழுத்து ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தி, அவர்கள் தங்கள் முதல் விளையாட்டைச் செய்கிறார்கள். ஒரு கணினிக்கு இருவர் அமர்கிறார்கள். ஒருவர் கையில் மவுஸ் இருந்தால் மற்றவர் வாயால் மட்டுமே வழி சொல்ல வேண்டும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு பிழையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அதை எப்படிக் கையாளுகிறோம் என்பதில்தான் பிள்ளை நிரல் எழுதக் கற்கிறதா, பிளாக் அடுக்க மட்டும் கற்கிறதா என்பது தெரிந்துவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மஞ்சுவிரட்டு விளையாட்டு செய்தான். பொங்கலை ஒட்டி மஞ்சுவிரட்டு பார்க்கச் சிராவயலுக்குப் போய்வந்த பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது இயல்பான தேர்வுதான். திரையின் வலது ஓரத்திலிருந்து காளை ஓடி வரும். அம்புக்குறி விசைகளால் வீரனை விலக்கிக்கொள்ள வேண்டும். வீரனுக்கு மூன்று உயிர். வீரனிடம் அவன் வைத்திருந்த பிளாக்குகள் இவை:

```
when ⚑ clicked
forever
  if <touching (maadu)?> then
    change [uyir] by (-1)
```

ஓட்டிப் பார்த்தவன் என்னைக் கூப்பிட்டான். “சார், மாடு ஒருவாட்டிதான் முட்டுச்சு. உயிர் மைனஸ் இருபத்தேழுன்னு காட்டுது.”

கிளப் தொடங்கிய முதல் ஆண்டில் இப்படி யாராவது கூப்பிட்டால் நான் மவுஸை வாங்கி, இரண்டு பிளாக்குகளைச் செருகிக் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். விளையாட்டு ஓடும், பிள்ளையும் நன்றி சொல்லும், அடுத்த வாரம் அதே பிள்ளை, மாங்காய் பிடிக்கும் விளையாட்டில், ஒரு மாங்காய்க்கு முப்பது மதிப்பெண் ஏறுகிறது என்று அதே பிழையோடு வந்து நிற்கும். ஆகவே இப்போது மவுஸைத் தொடுவதில்லை.

பிழையின் காரணம் இதுதான். திரையில் ஏதாவது நகர்ந்துகொண்டிருக்கும்போது ஸ்கிராட்ச் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 30 முறை திரையைப் புதுப்பிக்கிறது, ஒவ்வொரு முறையும், நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடும் `forever` சுற்று ஒருமுறை ஓடி, “தொட்டுக்கொண்டிருக்கிறதா?” என்று கேட்கிறது. `touching` பிளாக் கேட்பது “இப்போதுதான் தொட்டதா?” என்பதை அல்ல. மாணவனின் காளை 90 புள்ளி நீளம், வீரன் 60 புள்ளி அகலம்; முகம் உரசுவதிலிருந்து வால் விலகும்வரை காளை 150 புள்ளி கடக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 5 புள்ளி நகர்ந்தால் 30 சுற்றுகள் ஆகும். மூன்றில் முப்பது போனால் மைனஸ் 27. கணினி தப்பே செய்யவில்லை, சொன்னதை முப்பது முறை செய்திருக்கிறது.

இதை வாயால் விளக்கினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். எங்கள் பள்ளி பழைய நகரத்தார் வீடு ஒன்றில் நடக்கிறது. வளவு முழுக்க ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அங்கே மூன்று பையன்களை ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வரிசையாக நிற்கவைத்தேன், அதுதான் காளை. அவர்கள் போகும் வரிசைக்குப் பக்கத்துக் கல்லில் வீரன் நின்றான். ஒரு மாணவி சிலேட்டும் சுண்ணக்கட்டியுமாக ஓரத்தில் நின்றாள், அவள்தான் `forever`. நான் கைதட்டும் ஒவ்வொரு தடவையும் காளை ஒரு கல் நகர வேண்டும், அவள் “தொடுதா?” என்று கேட்டு, ஆமென்றால் சிலேட்டில் ஒன்றைக் குறைக்க வேண்டும். முதல் ஆள் வீரன் பக்கத்தில் வந்தான்: இரண்டு. இரண்டாம் ஆள்: ஒன்று. மூன்றாம் ஆள் வந்தபோது அவள் பூஜ்யம் எழுதிவிட்டு நிமிர்ந்து, “சார், இது ஒரே மாடுதானே, நான் ஏன் மூணு தடவை குறைக்கிறேன்?” என்றாள். நான் சொல்ல நினைத்ததை அவளே கேள்வியாகக் கேட்டுவிட்டாள்.

திரும்பி வந்து, பெரும்பாலான பிள்ளைகள் முதலில் செய்வதையே அவனும் செய்தான்: குறைத்த பிறகு `wait (1) seconds` வைத்தான். அவனுடைய காளைக்கு அது ஓரளவு சரிப்பட்டது, ஏனென்றால் கடக்கும் நேரமும் ஏறத்தாழ ஒரு நொடிதான். காளையின் வேகத்தை 5-லிருந்து 2-க்குக் குறைத்துப் பார் என்றேன். கடக்க இரண்டரை நொடி ஆகிறது. ஒரே முட்டுக்கு மூன்று உயிரும் போயின. எண் ஒன்று மாறினால் உடைந்துபோகிற திருத்தம் திருத்தமே அல்ல என்பதை இப்படி உடைத்துக் காட்டினால்தான் பிள்ளைகள் ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு, காளை விலகும்வரை காத்திருக்கும் இந்த நிரலுக்கு வந்தான்:

```
when ⚑ clicked
set [uyir] to (3)
forever
  if <touching (maadu)?> then
    change [uyir] by (-1)
    wait until <not <touching (maadu)?>>
```

இரண்டாம் வரியைக் கவனிக்க வேண்டும். ஸ்கிராட்சில் மாறியின் மதிப்பு பச்சைக் கொடியை மறுபடி அழுத்தினாலும் அப்படியே இருக்கும். இந்த வரி இல்லாவிட்டால், மைனஸ் 27-இல் முடிந்த ஆட்டம் அடுத்த முறை மைனஸ் 27-இலிருந்தே தொடங்கும்.

உயிர் தப்பாகக் குறையும் வேறொரு கோளாறும் உண்டு. அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இணையத்திலிருந்து எடுத்த காளைப் படத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், ஸ்கிராட்சுக்கு அந்த வெள்ளையும் காளையின் உடம்புதான். காளை கிட்டே வரும் முன்பே உயிர் போகும். மேடையின் பின்னணியைக் கறுப்பாக்கிப் பார்த்தால் கட்டம் பளிச்சென்று தெரிந்துவிடும். காஸ்ட்யூம் பகுதியில் வெள்ளையை அழித்தால் சரியாகும். `touching` பிளாக் படத்தின் வடிவத்தைத்தான் பார்க்கிறது, சுற்றியுள்ள வெற்றிடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

மஞ்சுவிரட்டுக்கு வருவோம். அடுத்த சனிக்கிழமை அவனுடைய ஜோடி ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்திருந்தான். ஒருமுறை முட்டு வாங்கிவிட்டு, அம்புக்குறியை விடாமல் அழுத்திக் காளையோடு ஒட்டியே ஓடினால் உயிர் மேலும் குறையாது, ஏனென்றால் நிரல் “விலகட்டும்” என்று காத்துக்கொண்டே இருக்கிறது. முட்டியதும் வீரனை `go to` பிளாக்கால் ஓரத்துக்கு அனுப்பிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சிரித்துக்கொண்டே, “சார், திமிலைப் பிடிச்சுத் தொங்குறதுதானே மஞ்சுவிரட்டு” என்றான்.

இருவரும் காளையை மறுபடி வரைந்தார்கள். கொம்பு ஒரு நிறம், திமில் ஒரு நிறம், இரண்டும் மேடையில் வேறெங்கும் இல்லாத நிறங்கள். பின்னணியில் அதே நிறம் இருந்தால் `touching color` ஏமாந்துவிடும் என்பதை பின்னணியில் இருந்த வாசல் கதவின் நிறத்தைக் கண்டு கற்றுக்கொண்டார்கள். கொம்பு பட்டால் உயிர் ஒன்று குறையும், விலகும்வரை காத்திருக்கும். திமில் பட்டால் மதிப்பெண் ஏறும். திமிலுக்கான சுற்றில் `wait until` வைக்காமல் விட்டிருந்தார்கள். பிடித்திருக்கும் ஒவ்வொரு நொடிக்கும் முப்பது முப்பதாக ஏறியது. மறந்துவிட்டார்களோ என்று கேட்டேன். “இல்ல சார், எவ்வளவு நேரம் பிடிக்கிறானோ அவ்வளவு பாயிண்ட்” என்றார்கள்.