நெய்யே தொடாதவருக்கு எல்டிஎல் 168

போன டிசம்பரில் குன்னூரில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்தவருக்கு 58 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 168. தைராய்டு, சர்க்கரை இரண்டும் சரியாகத்தான் இருந்தன. "மேடம், கறி, முட்டை தொடுறதில்லை. வீட்ல நெய்கூட வாங்குறதில்லை. அப்புறம் இது எங்கிருந்து வருது?" என்று கேட்டார். மடியில் வைத்திருந்த காகிதப் பையிலிருந்து வர்க்கி வாசம் வந்துகொண்டிருந்தது.

வாங்கித் தராசில் வைத்தேன். ஒரு வர்க்கி 25 கிராம். காலை டீயோடு இரண்டு, சாயங்காலம் இரண்டு என்றார்.

வர்க்கி அடுக்கடுக்காக வருவதற்குக் காரணமே கொழுப்புதான். மாவைத் தேய்த்து, கொழுப்பைப் பூசி, மடித்து, மறுபடியும் தேய்ப்பார்கள். அந்தக் கொழுப்பு கெட்டியாக இருக்க வேண்டும். எண்ணெய் ஊற்றினால் மாவோடு கலந்துவிடும், அடுக்கு நிற்காது. நெய், வெண்ணெய் விலைக்குக் கட்டுப்படியாகாத இடத்தில் வனஸ்பதி வருகிறது. எனக்குத் தெரிந்த பேக்கரி மாஸ்டர் ஒருவர் சொன்ன கணக்கு, 10 கிலோ மைதாவுக்கு இரண்டரை கிலோ டால்டா. அவர் டால்டா என்பது வனஸ்பதியைத்தான். நம் ஊரில் எல்லா வனஸ்பதிக்கும் அதுதானே பெயர். வெந்து வரும்போது எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. அதாவது ஒரு வர்க்கியில் 5 கிராம். அதில் பாதி, எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு என்று வைத்தால் இரண்டரை கிராம். நான்குக்கு 10 கிராம்.

இங்கேதான் ஒரு குழப்பம். "இப்ப டால்டால கெட்ட கொழுப்பு இல்லைன்னு கடையில எழுதிப் போட்டிருக்காங்களே" என்றார். அவர் படித்தது ட்ரான்ஸ் கொழுப்பைப் பற்றி. எண்ணெயில் ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாவது அது. எல்டிஎல்லை ஏற்றும், நல்ல கொழுப்பான எச்டிஎல்லைக் குறைக்கும். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் ட்ரான்ஸ் போனாலும் வனஸ்பதி கெட்டியாக இருந்தாக வேண்டுமே. அந்தக் கெட்டித்தன்மையைப் பெரும்பாலும் பாமாயிலும் அதிலிருந்து பிரித்தெடுக்கும் கெட்டிப் பகுதியும் கொடுக்கின்றன. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு; அதுவும் எல்டிஎல்லை ஏற்றும். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற வரியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது.

நெய் வர்க்கி தேவலையா என்று கேட்பவர்களுக்கு: இந்த விஷயத்தில் இல்லை. நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு பாதிக்கும் மேல்.

சரி, மற்றவை? இரவு டிவி பார்க்கும்போது மிக்சர். வீட்டிலிருந்து பாக்கெட்டை எடுத்துவரச் சொன்னேன். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பார்த்தோம். பொருட்கள் பட்டியலில் 'பாமோலின்' இருந்தது, பாமாயிலின் திரவப் பகுதி அது. அட்டவணையில் 100 கிராமுக்கு நிறைவுற்ற கொழுப்பு 15 கிராம். அவர் சாப்பிடுவது 50 கிராம், ஆக ஏழரை. சில பாக்கெட்டுகளில் 'வெஜிடபிள் ஃபேட்', 'இன்டரெஸ்டெரிஃபைடு ஃபேட்' என்று இருக்கும். அதைப் பார்த்தாலும் அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பு வரியைத் தேடுங்கள்.

மூன்றாவது, சமையல் எண்ணெய். ரேஷனில் 25 ரூபாய்க்கு வாங்கும் ஒரு லிட்டர் பாமாயில். கணவன், மனைவி இரண்டே பேர். மாதத்துக்குப் பிரித்தால் ஆளுக்குத் தினம் 15 கிராம். ரேஷனில் வருவதும் பாமோலின்தான், அதில் நிறைவுற்றது பாதியைவிடக் கொஞ்சம் குறைவு. ஆக ஆறரை. மலைக்குளிரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலையில் பாக்கெட்டின் அடியில் வெள்ளையாக உறைந்து கிடக்கும். எண்ணெய் கெட்டுப்போய்விட்டது என்று சிலர் கொட்டிவிடுகிறார்கள். அது கெடவில்லை, நிறைவுற்ற கொழுப்பு அதிகமுள்ள பகுதி முதலில் உறைகிறது, அவ்வளவுதான். அதே அடுப்படியில் சூரியகாந்தி எண்ணெய் தெளிவாக நிற்கும்.

மூன்றையும் கூட்டினால் 24 கிராம். பாக்கெட் அட்டவணைகள் ஒரு நாளைக்கு அளவாக எடுத்துக்கொள்வது 22. டீக்கு ஊற்றும் பாலையும் சாம்பாரில் போடும் தேங்காயையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

தினம் ஒரு வர்க்கி, மிக்சருக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, அதே 15 கிராம் அளவில் கடலை எண்ணெய். இந்த மூன்று மாற்றத்தில் 24 கிராம் எட்டுக்கு வந்தது. மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 149. நான் எதிர்பார்த்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த மூன்று மாற்றத்தால் மட்டும் இதற்கு மேல் பெரிதாக இறங்காது. பரம்பரையாகக் கொழுப்பு கூடுதலாக இருப்பவர்களுக்கு இந்த அளவுகூட இறங்காமல் போகலாம். மாத்திரை வேண்டுமா என்பதை ரத்த அழுத்தம், குடும்ப வரலாறு எல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், அவரிடம் அனுப்பினேன்.

கூட வந்திருந்த மனைவி கிளம்பும்போது கேட்டார்: "ரேஷன் எண்ணெயை என்ன பண்றது மேடம்? கடலை எண்ணெய் விக்கிற விலையில..." நியாயமான கேள்வி. அடுத்த மாதத்திலிருந்து பாதிக்குப் பாதி வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.