ஓட்டை விழும் கடைசி நொடியில் ஏன் பிட் உடைகிறது?

"கடைசியிலதானுங்கண்ணா ஒடியுது" என்றார் ஆபரேட்டர். கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறை. பம்ப்செட் வார்ப்பில் 20 மி.மீ. ஓட்டை போடும் மெஷின், ட்ரில் தலையைத் தள்ளுவது ஹைட்ராலிக் சிலிண்டர். பாதி வரை ஒழுங்காகப் போகும், அடிப்பக்கம் பிய்யும் நேரத்தில் ஒரு குதி, பிட் காலி.

காரணம் வால்வு இருந்த இடம். ஃப்ளோ கன்ட்ரோல் வால்வு சிலிண்டருக்குள் போகும் எண்ணெயை அளந்து விட்டது. இதுதான் மீட்டர்-இன். எதிர்க்கிற சுமை இருக்கும்வரை இதில் குறை இல்லை. ஆனால் பிட்டின் முனை மறுபுறம் எட்டிப் பார்த்ததும் எதிர்ப்பு சட்டென்று போய்விடுகிறது. அதுவரை அழுத்தத்தில் வளைந்திருந்த சட்டம் நிமிர்கிறது, பிட்டின் சுருள் மரையாணி போல வார்ப்பில் ஏறி ட்ரில் தலையை இழுக்கிறது. பிஸ்டனைப் பின்னாலிருந்து பிடிக்க யாருமில்லை. பிஸ்டனுக்கு முன்னால், ராடு இருக்கும் பக்கத்து எண்ணெய் தாராளமாக டாங்கிக்கு ஓடுகிறது.

வெளியேறும் எண்ணெயை அளந்தால், அதாவது மீட்டர்-அவுட் செய்தால், பிஸ்டன் தன் முன்னால் இருக்கும் எண்ணெயைத் தள்ளாமல் நகர முடியாது. யார் இழுத்தாலும் அதே வேகம்தான்.

சரி, வால்வை ராடு பக்கக் குழாய்க்கு மாற்றினோம். முதலில் திருப்பி மாட்டிவிட்டோம். வால்வுக்குள் ஒரு திசையில் தடையின்றி விடும் செக் வால்வு உண்டு. அது தலைகீழானதால் தலை வேகமாக இறங்கி, ஆமை மாதிரி ஏறியது. கழற்றித் திருப்பினோம்.

அப்புறம் கேஜைப் பார்த்தால், சும்மா இறக்கும்போது ராடு பக்கம் 200 பாரைத் தாண்டியது! பம்ப் கொடுப்பதோ 100 பார். சிலிண்டர் 63 மி.மீ., ராடு 45 மி.மீ. பிஸ்டனின் பின்பக்கப் பரப்பு 31 சதுர செ.மீ., ராடு பக்கம் 15 தான். அதே விசையை ஏறக்குறைய பாதிப் பரப்பு தாங்குவதால் அழுத்தம் இரட்டிப்பாகிறது. சீலும் ஹோஸும் இதற்குத் தாங்கணும்.

பம்ப் அழுத்தத்துக்கு வரம்பு வைக்கும் ரிலீஃப் வால்வை 60 பாருக்கு இறக்கினோம். அப்போதும் தள்ளுவிசை சுமார் 1.9 டன், ட்ரில்லுக்கு அரை டன்னே போதும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் அறுக்கும்போது ராடு பக்கம் 90 பார், ஓட்டை விழுந்ததும் 122.

இன்னொரு தொல்லை உண்டு. நிமிடத்துக்கு 60 மி.மீ. இறங்க, ராடு பக்கம் வெளியேறுவது வெறும் 92 மில்லி எண்ணெய். வால்வின் திறப்பு மயிரிழை. ஒரு துகள் மாட்டினால் தலை நின்று நின்று இறங்கும். அதனால் எண்ணெய் ஃபில்டரையும் மாற்றினோம்.

முதல் வார்ப்பில் பிட் மறுபுறம் வந்தபோது ஆபரேட்டர் பழக்கத்தில் கையை இழுத்துக்கொண்டார். கேஜ் முள் மட்டும் 120-க்கு மேல் தாவியது. ட்ரில் தலை அதே நடையில் இறங்கிக்கொண்டிருந்தது.