பங்கு அடகு: நகைக் கடையில் இருந்து பங்குச் சந்தை வரை ஒரு சொல்

பங்குச் சந்தைச் செய்திகளில் 'புரமோட்டர் பிளெட்ஜ்' என்று அடிக்கடி வரும். தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று தேடினால் சில தளங்களில் 'விளம்பரதாரர் உறுதிமொழி' என்று இருக்கும். இரண்டு சொல்லும் தவறு, அதைப் படிப்பவருக்கு என்ன நடக்கிறது என்றே புரியாது. யாரும் விளம்பரம் செய்யவில்லை, உறுதிமொழியும் எடுக்கவில்லை. கம்பெனியைத் தொடங்கியவர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

பிளெட்ஜ் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சில் இருந்து வந்தது. அங்கே முதலில் அது ஒரு பொருளைக் குறிக்கவில்லை, அடுத்தவருக்காகப் பிணை நிற்கும் ஆளைக் குறித்தது. நம் 'பிணை' அந்தப் பழைய பொருளுக்குத்தான் நெருக்கம். ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 172-வது பிரிவில், கடனுக்கு ஈடாகப் பொருளை ஒப்படைப்பதையே பிளெட்ஜ் என்கிறது. பொருளை ஒப்படைத்துக் கடன் வாங்குவதற்கு நம்மிடம் உள்ள சொல் அடகு. ஒற்றி நிலத்துக்கு உரியது, அடைமானம் (பேச்சில் அடமானம்) நிலம், வீடு, நகை எல்லாவற்றுக்கும் வரும், ஈடு என்பது வைக்கப்படும் பொருள். ஆகவே 'பங்கு அடகு' சரியான சொல். புரமோட்டருக்கு 'தோற்றுநர்' என்று வைத்துக்கொள்ளலாம்: கம்பெனியைத் தோற்றுவித்து, கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருக்கும் குடும்பம் அல்லது குழு.

அடகு என்று சொன்னவுடனே மற்ற சொற்களும் தாமாகவே கிடைத்துவிடுகின்றன, எனக்கு இந்தச் சொல் பிடித்திருப்பதற்குக் காரணமும் அதுதான். கடனைக் கட்டி வெளியே எடுத்தால் மீட்பு, நகையைத் திருப்புவது போல. கட்ட முடியாமல் கடன் கொடுத்தவர் பங்கைத் தன் பெயருக்கு மாற்றி விற்கப் போனால் அடகு மூழ்கிவிட்டது. ஆங்கிலத்தில் 'இன்வொகேஷன்' என்று எழுதும்போது எத்தனை பேருக்கு வயிறு கலங்கும்? 'மூழ்கிவிட்டது' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

ஆனால் நகைக்கும் பங்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் வளையல் ஏலத்துக்குப் போனதால் ஊரில் தங்கம் விலை இறங்காது. பங்கு அப்படி இல்லை. அடகுப் பங்கை விற்கத் தொடங்கினால் அந்த விற்பனையே விலையை இறக்கும், விலை இறங்கினால் மிச்சம் உள்ள அடகுப் பங்கின் மதிப்பும் சேர்ந்து இறங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு தோற்றுநரிடம் 5 கோடிப் பங்குகள், விலை 200 ரூபாய். அதில் 2 கோடிப் பங்குகளை அடகு வைத்து 200 கோடி ரூபாய் கடன் வாங்குகிறார். ஈட்டின் மதிப்பு 400 கோடி, அதாவது கடனைப் போல இரண்டு மடங்கு. ஈடு ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால் மறுபடி இரண்டு மடங்காக்கித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

விலை 140-க்கு இறங்குகிறது. ஈடு இப்போது 280 கோடி, ஒன்றரை மடங்குக்குக் கீழே. கடன் கொடுத்தவர் கூப்பிடுகிறார். இதுதான் மார்ஜின் கால். மார்ஜின் என்றால் விளிம்பு, ஓரம். கடனுக்கும் ஈட்டுக்கும் நடுவே விடும் இடைவெளி. தமிழில் 'கூடுதல் ஈடு கேட்பு' என்று சொன்னால் போதும். ஒன்று அவர் 60 கோடி ரொக்கமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் இன்னும் சுமார் 86 லட்சம் பங்குகளை வைக்க வேண்டும். கையில் பணம் இருந்திருந்தால் முதலில் அடகுக்கே போயிருக்க மாட்டார், எனவே பெரும்பாலும் பங்கைத்தான் வைக்கிறார். விலை 100-க்கு வருகிறது, மறுபடி கேட்பு, இப்போது அடகில் 4 கோடிப் பங்குகள். விலை பாதியானது, அவருடைய கையிருப்பில் அடகின் அளவு 40 விழுக்காட்டில் இருந்து 80 ஆகிவிட்டது, ஆனால் புதிதாக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கவில்லை! அப்புறம் விலை 70 ஆனால் இரண்டு மடங்கு ஈட்டுக்கு 5.7 கோடிப் பங்குகள் வேண்டும். அவரிடம் இருப்பதே 5 கோடி. அடகு மூழ்குகிறது.

கடனை எடுக்க 70 ரூபாயில் கிட்டத்தட்ட 2.9 கோடிப் பங்குகளை விற்க வேண்டும். அந்தப் பங்கில் தினமும் 5 லட்சம்தான் கைமாறுகிறது என்றால் மொத்தச் சந்தையும் கிட்டத்தட்ட மூன்று மாதம் வாங்குகிற அளவு அது. வாங்குபவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், விலை தினமும் கீழ்ச் சுற்றுவரம்பில், அதாவது ஒரு நாளில் இறங்க விடும் கடைசி எல்லையில், போய் நிற்கும். இதை முன்கூட்டியே கணித்தவர்கள் முதலில் விற்றுவிட்டு வெளியேறுவார்கள். கடன் கொடுத்தவர்கள் பல பேர் என்றால் இன்னும் மோசம், முதலில் விற்பவருக்குத்தான் நல்ல விலை என்பதால் ஆளுக்கு ஆள் முந்தப் பார்ப்பார்கள்.

2019 ஜனவரி 25 அன்று ஜீ என்டர்டெயின்மென்ட் பங்கு ஒரே நாளில் சுமார் 26 விழுக்காடு விழுந்தது. கம்பெனி லாபத்தில் இருந்தது. தோற்றுநர்களிடம் சுமார் 41 விழுக்காடு பங்கு, அதில் பாதிக்கும் மேல் அடகில். கடன் பெருகியது ஜீயை நடத்திய எஸ்ஸெல் குழுமத்தின் வேறு தொழில்களால், முக்கியமாக உள்கட்டமைப்புத் தொழிலால். குழுமத்தின் தலைவர் சுபாஷ் சந்திரா கடன் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார், இரண்டு நாளில், கடன் கொடுத்தவர்கள் விலைச் சரிவைக் காரணம் காட்டி நெருக்குவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள், பிறகு செப்டம்பர் 30 வரை அவகாசம் கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றால் யாருக்கும் பணம் வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடனில் மியூச்சுவல் ஃபண்ட் பணமும் இருந்ததால், அந்த ஏப்ரலில் முதிர்ந்த சில திட்டங்களில் சாதாரண முதலீட்டாளர்களுக்குப் பணம் முழுதாக வரவில்லை. தோற்றுநர்கள் பங்கை விற்று விற்றுக் கடனைக் கட்டினார்கள், கடைசியில் அவர்களிடம் மிஞ்சியது சுமார் 4 விழுக்காடு.

எல்லா அடகும் இப்படி ஆகாது. கம்பெனியின் திட்டக் கடனுக்குக் கூடுதல் ஈடாக வங்கி கேட்டு வாங்கும் அடகும் உண்டு, அதில் கடன் தவணையைக் கம்பெனி தன் வருமானத்தில் கட்டுகிறது. பயப்பட வேண்டியது தோற்றுநர் தன் வேறு தொழிலுக்காக வாங்கிய, பங்கின் விலையோடு பிணைக்கப்பட்ட கடன்.

பார்ப்பது எளிது. 2009-இல் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கு மோசடி வெளிவந்த பிறகு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அடகு விவரத்தை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. அங்கேயும் தோற்றுநர்களான ராஜு குடும்பம் அடகு வைத்த பங்குகளைக் கடன் கொடுத்தவர்கள் விற்றுக்கொண்டிருந்தது முதலீட்டாளர்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு காலாண்டும் பங்குதாரர் விவரப் பட்டியலில் அது வந்துவிடுகிறது. எண்ணை ஒரு தடவை பார்த்து விட்டுவிடாமல் நாலைந்து காலாண்டுகளை வரிசையாகப் பாருங்கள்: விலை இறங்க இறங்க அடகு விழுக்காடு ஏறினால், மேலே போட்ட கணக்குதான் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

அதே பட்டியலில் அடகைவிட அகலமான இன்னொரு சொல்லும் உண்டு, 'என்கம்பரன்ஸ்'. நிலம் வாங்கியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்: வில்லங்கம். அடகு என்று பதியாமல், 'கடன் தீரும்வரை இந்தப் பங்கை விற்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்து வாங்கிய கடன்கூட வில்லங்கத்தில் வரும். அடகு சுழியம் என்று காட்டும் கம்பெனியிலும் வில்லங்கம் இருக்கலாம், அந்தக் கட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.